பொருளை நீக்கிய பிறகு மட்டும் மொத்தம் தவறுகிறது: இந்த டிக்கெட்டை எப்படி எழுதுவது?

கேள்வி: இணையக் கடை ஒன்றின் கூடைப் பக்கத்தைச் சோதிக்கிறேன். 500 ரூபாய்ப் பொருள்கள் இரண்டைச் சேர்த்து, ஒன்றை நீக்கினால் 450 வர வேண்டிய இடத்தில் 400 வருகிறது. சேர்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. நீக்கிய பிறகு மட்டும்தான் தவறு. "பொருளை நீக்கினால் மொத்தம் தவறாக வருகிறது" என்று தலைப்பிட்டு ஸ்கிரீன்ஷாட்டுடன் டிக்கெட் போட்டேன். டெவலப்பர் Cannot Reproduce என்று மூடிவிட்டார். மீண்டும் திறந்தேன், மீண்டும் மூடிவிட்டார். வேறு எப்படித்தான் எழுதுவது?

பதில்:

500 ரூபாய்ப் பொருள் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும்போது நீங்கள் 450-ஐ எதிர்பார்க்கிறீர்கள். அப்படியானால் கூடையில் 10 சதவீதக் கூப்பன் ஒன்று இருந்திருக்கிறது. அது உங்கள் தலைப்பில் இல்லை, இங்கே கேட்ட கேள்வியிலும் இல்லை. உங்களுக்கு அது பழகிப்போன சூழல். சோதனைக் கணக்கில் கூப்பன் எப்போதும் போட்டபடியே இருந்திருக்கலாம். டெவலப்பர் தன் கணினியில் இரண்டு பொருளைச் சேர்த்தார், ஒன்றை நீக்கினார், 500 என்று சரியாக வந்தது, மூடிவிட்டார். அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதை அவர் எழுதியபடியே செய்து பார்த்திருக்கிறார்.

எனவே முதல் வேலை, "நீக்கிய பிறகு மட்டும்" என்ற சொற்களை நீங்களே சந்தேகிப்பது. அது கண்ணில் பட்டது. பிழையின் எல்லை அதுதானா என்பது இன்னும் தெரியாது. எல்லையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. முடிவில் மிஞ்சும் கூடை ஒன்றாகவே இருக்கட்டும். அதற்குப் போய்ச் சேரும் வழிகளை மட்டும் மாற்றுங்கள்.

ஆனால் அதற்கு முன் அந்த இரண்டு 500-களைத் தூக்கிப் போடுங்கள். சோதனைக்கு அதைவிட மோசமான எண்கள் கிடையாது. உங்கள் வித்தியாசம் 50 ரூபாய். அது நீக்கிய பொருளின் பத்து சதவீதமா, மிஞ்சிய பொருளின் பத்து சதவீதமா? இரண்டும் 500 என்பதால் சொல்ல முடியாது. எண்ணிக்கையும் ஒவ்வொன்றுதான் என்பதால், நீக்கும்போது எண்ணிக்கையைப் பெருக்க மறந்திருந்தாலும் தெரியாது. தவறான பொருளைக் கழித்திருந்தாலும் தெரியாது. தவறாக வரும் எண்ணே தவறு எங்கே என்று காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்கேற்பத்தான் விலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்படி ஒரு கூடை வைத்துக்கொள்வோம். நோட்டு, 60 ரூபாய், மூன்று: 180. பை, 850 ரூபாய், ஒன்று: 850. தண்ணீர் பாட்டில், 275 ரூபாய், இரண்டு: 550. கூட்டுத்தொகை 1580. விலைகளில் வரி அடக்கம், டெலிவரிக் கட்டணம் இல்லை, கூப்பனுக்குக் குறைந்தபட்சத் தொகை நிபந்தனையும் இல்லை. அவை இருந்தால் முதலில் அவை இல்லாத கூப்பனையும் பொருளையும் தேடிப்பிடியுங்கள். ஒரே நேரத்தில் மூன்று விதிகள் ஓடினால் எது பிசகியது என்று உங்களுக்கே புரியாது. 10 சதவீதக் கூப்பனைப் போட்டால் தள்ளுபடி 158, செலுத்த வேண்டியது 1422.

இப்போது பாட்டிலை நீக்குகிறோம். மிஞ்சுவது 1030, தள்ளுபடி 103, செலுத்த வேண்டியது 927. இதுதான் சரியான விடை. தவறான விடைகள் என்னென்ன வரலாம் என்பதையும் கையோடு கணக்கிட்டு வையுங்கள். இரண்டு பாட்டிலுக்குப் பதில் ஒன்றின் விலையை மட்டும் கழித்திருந்தால் 1305-இல் பத்து சதவீதம் போக 1174.50 வரும். பாட்டிலுக்குப் பதில் நோட்டுகளைக் கழித்திருந்தால் 1260. பையைக் கழித்திருந்தால் 657. பாட்டில் போன பிறகும் பழைய தள்ளுபடி 158 அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் 1030-இல் 158 போக 872. ஐந்து விடைகளும் வெவ்வேறு. திரையில் எது தோன்றுகிறதோ, அது ஒரு காரணத்தை முன்னே தள்ளி மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

உங்கள் 400-ஐ வைத்துப் பார்த்தால், இங்கே 872 வரும் என்று நினைக்கிறேன். இரண்டு 500-க்கு முதலில் கிடைத்த தள்ளுபடி 100. ஒன்று போன பிறகும் அதே 100 கழிந்தால் 400. பொருந்துகிறது. பைசாவை முழுமையாக்குவதில் நேர்ந்த பிசகு என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். தசம எண்களால் வரும் வித்தியாசம் பைசாக் கணக்கில் இருக்கும். 927-க்கும் 872-க்கும் இடையே உள்ள 55 ரூபாய் அப்படி வராது. அந்த 55 என்பது பாட்டில்களின் 550-க்குச் சரியாகப் பத்து சதவீதம். டிக்கெட்டில் இந்த ஒரு வாக்கியம் இருந்தால் போதும், டெவலப்பர் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, பலர் இதில் இடறுகிறார்கள். 872 என்ற அதே விடை வேறொரு தவறாலும் வரும். தள்ளுபடி போன 1422-இலிருந்து பாட்டில்களின் முழு விலையான 550-ஐ நேரடியாகக் கழித்தாலும் 872-தான். எந்த விலைகளைப் போட்டாலும் இந்த இரண்டும் ஒன்றாகவே வரும், ஏனென்றால் கணக்குப்படி அவை ஒன்றே. அப்படியானால் பிரித்தறிவது எப்படி? மொத்தத்துக்கு மேலே இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். திரையில் "கூட்டுத்தொகை 1030, தள்ளுபடி 158, மொத்தம் 872" என்று இருந்தால், தள்ளுபடியே புதுப்பிக்கப்படவில்லை. "கூட்டுத்தொகை 1030, தள்ளுபடி 103, மொத்தம் 872" என்று இருந்தால் தள்ளுபடி சரி, மொத்தம் மட்டும் தனியே கழிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே டிக்கெட்டில் மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள். மூன்று வரிகளையும் முன்னும் பின்னுமாக எழுதுங்கள்.

முதல் வகையில் இன்னொரு வேடிக்கை: மூன்று வரிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. 1030-இல் 158 போனால் 872 என்பது சரியான கழித்தல்தானே! ஸ்கிரீன்ஷாட்டை மேலோட்டமாகப் பார்ப்பவர் எல்லாம் சரி என்றுதான் சொல்வார். 158 என்பது 1030-க்குப் பத்து சதவீதம் அல்ல என்பதை நீங்கள் எழுத்தில் சொன்னால்தான் உண்டு. படம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இனி வழிகளுக்கு வருவோம். கடைசியில் மூன்று நோட்டும் ஒரு பையும் மட்டும் இருக்கும் கூடைக்கு மூன்று வழிகளில் போய்ச் சேருங்கள். ஒன்று, பாட்டிலைத் தொடாமலே நோட்டையும் பையையும் மட்டும் சேர்த்துக் கூப்பன் போடுவது. இரண்டு, மூன்றையும் சேர்த்து, பாட்டிலை நீக்கிவிட்டு, அதன் பிறகு கூப்பன் போடுவது. மூன்று, மூன்றையும் சேர்த்து, கூப்பன் போட்டு, அதன் பிறகு பாட்டிலை நீக்குவது. முதல் இரண்டிலும் 927 வந்து மூன்றாவதில் மட்டும் 872 வந்தால், உங்கள் டிக்கெட்டின் தலைப்பே மாறிவிடுகிறது. நீக்குவது மட்டும் பிழையை உண்டாக்கவில்லை. கூப்பன் போட்ட பிறகு நீக்குவதுதான் உண்டாக்குகிறது. வரிசை முக்கியம் என்பதை டெவலப்பர் தானாக ஊகிக்க மாட்டார். ஒரே கூடைக்கு இரண்டு மொத்தங்கள் என்று காட்டிவிட்டால் யாரும் வாதாட முடியாது. "இது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது" என்ற பதிலுக்கும் இடமிருக்காது.

நேரமிருந்தால் நான்காவது வழியையும் பாருங்கள். நீக்கும் பொத்தானைத் தொடாமல், பாட்டிலின் எண்ணிக்கையைக் கழித்தல் குறியால் இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று இறக்குங்கள். பல கடைகளில் இது வேறொரு நிரல்வழியில் ஓடும். இதில் 927 வந்தால் நீக்கும் பொத்தானின் வழி மட்டும் கெட்டிருக்கிறது என்று பொருள்.

டெவலப்பரின் கண்ணுக்குப் பிழை படாமல் போக இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். அவர் கூப்பன் போட்டே பார்த்திருந்தாலும், அவரிடமிருந்த கூப்பன் "நேராக 100 ரூபாய் தள்ளுபடி" வகையாக இருக்கலாம். அதில் பொருளை நீக்கினாலும் தள்ளுபடி மாறத் தேவையில்லை, ஆகவே பிழை எட்டிக்கூடப் பார்க்காது. "10 சதவீதம், அதிகபட்சம் 50 ரூபாய்" என்பது போன்ற உச்சவரம்புக் கூப்பனும் அப்படியே மறைக்கும். முன்னும் 50, பின்னும் 50. அதனால் கூப்பனின் பெயரும் வகையும் டிக்கெட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொன்று, பக்கத்தைப் புதுப்பித்தல். 872 தெரியும் நிலையில் F5 அழுத்திப் பாருங்கள். 927 ஆக மாறிவிட்டால் பிழை பெரும்பாலும் திரையின் நினைவில் மட்டும் இருக்கிறது. சிலருக்கு எதைச் செய்தாலும் உடனே பக்கத்தைப் புதுப்பிக்கும் பழக்கம் உண்டு. அவர்களுக்கு இந்தப் பிழை ஆயுள் முழுவதும் தெரியாது. புதுப்பிப்பதற்குப் பதிலாக நோட்டின் எண்ணிக்கையை ஒன்று கூட்டியும் பாருங்கள். சரியான மொத்தம் 981 (1090-இல் 109 போக). 981 வந்தால் அடுத்த செயலிலேயே பிழை தானாக ஆறிவிடுகிறது. 932 வந்தால் பழைய 158 இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திரையா, சர்வரா என்பதை ஊகத்துக்கு விடாமல் நேரே பார்த்துவிடலாம். பிரவுசரில் F12 அழுத்தி Network பகுதிக்குப் போங்கள், Fetch/XHR வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு பாட்டிலை நீக்குங்கள். நீக்கும் கோரிக்கைக்குச் சர்வர் அனுப்பிய பதில் அங்கே தெரியும். அது இப்படி இருக்கலாம்:

```json
{ "subtotal": 1030, "discount": 103, "total": 927 }
```

சர்வர் 927 என்று சொல்லியும் திரை 872 என்று காட்டினால் திரைப்பக்க நிரலில் தவறு. பதிலிலேயே 872 இருந்தால் சர்வரில் தவறு. சில கடைகளில் பதிலுக்கு 204 என்ற எண் மட்டும் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. அப்போது மொத்தத்தைத் திரையே கணக்கிட்டுக்கொள்கிறது, அல்லது வேறொரு கோரிக்கை போட்டு வாங்குகிறது. எதைக் கண்டாலும் அந்தப் பதிலை எழுத்தாக நகலெடுத்து டிக்கெட்டில் ஒட்டுங்கள். முழுப் பதிவையும் HAR கோப்பாகச் சேமித்து இணைக்கலாம்தான், ஆனால் அதில் உள்நுழைவுக் குக்கீகள் இருக்க வாய்ப்புண்டு. பலர் பார்க்கும் டிக்கெட்டில் யோசிக்காமல் அதைப் போட வேண்டாம்.

சரி, நிரலில் இது எப்படித்தான் நேர்கிறது? பெரும்பாலும் இந்த அளவுக்கு எளிமையாக:

```js
function removeLine(id) {
  cart.lines = cart.lines.filter(l => l.id !== id);
  cart.subtotal = sum(cart.lines);
  cart.total = cart.subtotal - cart.discount;
}
```

கூட்டுத்தொகை புதிதாகக் கணக்கிடப்படுகிறது. மொத்தமும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. இடையில் இருக்கும் `cart.discount` மட்டும் கூப்பன் போட்ட நேரத்தில் எழுதிவைத்த ரூபாய்க் கணக்காகவே கிடக்கிறது. சேர்க்கும் வழி தள்ளுபடியைச் சர்வரிடம் கேட்டு வாங்குவதாக இருந்தால் அங்கே இந்தச் சிக்கல் வராது. நீங்கள் "சேர்க்கும்போது எல்லாம் சரி" என்று சொல்வதற்கும் இது ஒத்துப்போகிறது. சதவீதத்தை வைத்துக்கொண்டு தள்ளுபடியை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால் தீர்ந்தது. ஆனால் இந்த ஊகத்தை டிக்கெட்டின் விவரத்தில் உண்மைபோல எழுதாதீர்கள். நீங்கள் நிரலைப் பார்க்கவில்லை. கண்டதை விவரத்திலும், சந்தேகத்தைத் தனிக் கருத்தாகக் கீழேயும் எழுதுங்கள். சந்தேகம் தவறாகிப்போனால் அதோடு சேர்த்து நீங்கள் கண்டதையும் தள்ளிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் சேர்த்தால் டிக்கெட் ஏறக்குறைய இப்படி அமையும். உங்கள் அலுவலகத்தில் எந்த மொழியில் எழுதுவீர்களோ அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைப்பு: கூடை: சதவீதக் கூப்பன் போட்ட பிறகு ஒரு பொருளை நீக்கினால் பழைய தள்ளுபடித் தொகையே கழிகிறது

சூழல்: சோதனைத் தளம், பில்டு எண், பிரவுசரும் அதன் பதிப்பும், உள்நுழைந்த வாடிக்கையாளர், காலியான கூடை. கூப்பன்: 10 சதவீதம், உச்சவரம்பு இல்லை, குறைந்தபட்சத் தொகை இல்லை.

படிகள்:
1. நோட்டு (60 ரூபாய்) மூன்று, பை (850 ரூபாய்) ஒன்று, பாட்டில் (275 ரூபாய்) இரண்டு சேர்க்கவும்.
2. கூப்பனைப் போடவும். திரையில் 1580, தள்ளுபடி 158, மொத்தம் 1422. இதுவரை சரி.
3. பாட்டில் வரிசையில் நீக்கும் பொத்தானை அழுத்தவும். பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.

வர வேண்டியது: 1030, தள்ளுபடி 103, மொத்தம் 927.

வருவது: 1030, தள்ளுபடி 158, மொத்தம் 872. வித்தியாசம் 55, நீக்கிய பாட்டில்களின் 550-க்கு இது 10 சதவீதம்.

ஒப்பீடு: இதே நோட்டும் பையும் மட்டும் சேர்த்துக் கூப்பன் போட்டால் 927. பாட்டிலை நீக்கிவிட்டுக் கூப்பன் போட்டாலும் 927. படி 3-க்குப் பிறகு F5 அழுத்தினால் 927. நீக்கும் கோரிக்கைக்குச் சர்வரின் பதிலில் 927 (கீழே ஒட்டியிருக்கிறேன்).

இதில் உள்ள F5, சர்வர் விடைகள் நான் ஊகித்துப் போட்டவை. நீங்கள் செய்து பார்த்து, கண்டதை அங்கே நிரப்புங்கள். எத்தனை முறை செய்து எத்தனை முறை வந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். படி 2-இல் "இதுவரை சரி" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். டெவலப்பர் தன் கணினியில் படி 2-இலேயே வேறு எண்ணைக் கண்டால், அவருடைய சூழலே உங்களுடையதிலிருந்து வேறுபட்டிருக்கிறது என்பது அங்கேயே புரிந்துவிடும்.

கடுமையை எப்படிக் குறிப்பது என்பது அடுத்த கேள்வியாக வரும். அதற்குக் கூடையோடு நிற்காமல் பணம் செலுத்தும் பக்கம் வரை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே 872-தான் வாங்கப்படுகிறது என்றால் இப்படிப் போகும் ஒவ்வோர் ஆர்டரிலும் கடைக்கு நட்டம். அது ஆக உயர்ந்த நிலை. கட்டணக் கோரிக்கையில் தொகை பைசாவில் போவது வழக்கம் என்பதால் அங்கே 87200 அல்லது 92700 என்று தேடுங்கள். கூடையில் 872 காட்டி, செலுத்தும்போது 927 கேட்டால் கடைக்குப் பண நட்டமில்லை; ஆனால் 55 ரூபாய் கூடிவிட்டதைக் காணும் வாடிக்கையாளர் கடை தன்னை ஏமாற்றுவதாகவே நினைப்பார். எது நடக்கிறதோ அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எப்போது சரிசெய்வது என்ற முன்னுரிமையை புராடக்ட் தரப்பு முடிவு செய்யட்டும்.

அவர்கள் "சின்னப் பிழை" என்று ஒதுக்கப் பார்த்தால், பாட்டிலோடு பையையும் நீக்கிக் காட்டுங்கள். 180 ரூபாய் நோட்டுகளுக்கு 158 தள்ளுபடி போய் மொத்தம் 22 என்று நிற்கும். வர வேண்டியது 162. நோட்டுகளை மூன்றுக்குப் பதில் ஒன்று மட்டும் வைத்துத் தொடங்கினால் கூட்டுத்தொகை 1460, தள்ளுபடி 146. பையும் பாட்டிலும் போன பிறகு மொத்தம் கழித்தல் 86. எதிர்மறைத் தொகையைத் தடுக்கும் விதி இருந்தால் பூஜ்யம் வரும். இரண்டில் எது வந்தாலும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்தால் போதும், டிக்கெட் மேலே ஏறிவிடும்.

சரிசெய்து அனுப்பிய பிறகு இதே படிகளோடு, கழித்தல் குறியால் பூஜ்யமாக்கும் வழியையும், எல்லாவற்றையும் நீக்கிக் கூடை காலியான பிறகு புதிய பொருள் ஒன்றைச் சேர்க்கும் வழியையும் பாருங்கள். குறைந்தபட்சத் தொகை உள்ள கூப்பன் இருந்தால் அதை இப்போது எடுக்கலாம்: 1000 ரூபாய் நிபந்தனையோடு 1580-க்குக் கூப்பன் போட்டு, பையை நீக்கினால் மிஞ்சுவது 730. கூப்பன் தானாக விலக வேண்டுமா, விலகினால் வாடிக்கையாளருக்கு எந்த வாசகத்தைக் காட்ட வேண்டும் என்பதைப் புராடக்ட் தரப்பிடம் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அங்கே தவறு கிடைத்தால் அதற்குத் தனி டிக்கெட் போடுங்கள். இதன் கருத்துப் பகுதியில் சேர்த்தால் இது மூடப்படும்போது அதுவும் சேர்ந்து மூடப்பட்டுவிடும்.